ஒரு மணி நேரப் பயிற்சி வீடியோவுக்குப் பதினொரு நேரக்குறிகள்

எங்கள் ஸ்டோரில் கையிருப்புக் கணக்கெடுப்புக்குப் புதிய மென்பொருள் வந்தது. அதற்கு நடந்த பயிற்சியைத் திரையோடு சேர்த்துப் பதிவு செய்திருந்தார்கள். நீளம் 01:04:30. பயிற்சி நடந்த பிறகு வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்தான் இந்தக் காலாண்டுக் கணக்கெடுப்பைச் செய்ய வேண்டும். "அக்கா, முழுசா உட்கார்ந்து பார்க்க நேரமில்ல. எது எங்க இருக்குன்னு மட்டும் எழுதித் தர்றீங்களா?" என்று கேட்டாள். ஒரு மதியத்தில் முடித்துவிடலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன். இரண்டு முறை எழுத வேண்டியதாயிற்று. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை, வீடியோ போகிற போக்கிலேயே எழுதினேன். பயிற்சியாளர் தலைப்பு மாறும்போதெல்லாம் நிறுத்தி, நேரத்தையும் தலைப்பையும் குறித்தேன். "00:05:10 அறிமுகம்", "00:12:34 ஃப்ரீஸ்", "00:18:40 கவுண்ட் ஷீட்", "00:35:20 இடைவேளை" என்று 41 வரிகள் வந்தன. படித்தால் ஒழுங்காகத்தான் இருந்தது. அவளிடம் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டேன்: "அலமாரியில ஒரு பொருள் ஒண்ணுகூட இல்ல. கவுண்ட் ஷீட்ல என்ன போடுவ?" அவள் 'கவுண்ட் ஷீட்' என்ற வரியைத் திறந்தாள். அதிலிருந்து நாலைந்து நிமிடம் பார்த்தாள், பதில் வரவில்லை. 'எண்ணிக்கை பதிவு' என்ற வரியைத் திறந்தாள். அங்கே ஒரு பதில் கிடைத்தது. அந்தப் பதில் தவறு. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் எழுதியது பயிற்சியாளருடைய பொருளடக்கம். அவளுக்கு வேண்டியது வேறு. கணக்கெடுப்பு நாளில் அவள் கையால் என்னென்ன செய்யப் போகிறாளோ, எங்கெங்கே தயங்கி நிற்பாளோ, அந்த இடங்கள்தான் அவளுக்கு வேண்டும். அதனால் இரண்டாம் முறை, வீடியோவைத் திறப்பதற்கு முன் அவளோடு பத்து நிமிடம் உட்கார்ந்தேன். அன்றைக்கு என்ன வரிசையில் வேலை நடக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஸ்டாக்கை ஃப்ரீஸ் செய்வது, அதாவது கணினியில் உள்ள கையிருப்பை அந்த நேரத்து நிலையிலேயே நிறுத்தி வைப்பது, கவுண்ட் ஷீட்டை அச்சிடுவது, எண்ணியதைப் பதிவது, கணினிக் கணக்குக்கும் எண்ணியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் வேரியன்ஸ் ரிப்போர்ட் எடுத்து மறு எண்ணிக்கைக்கு அனுப்புவது, கடைசியில் திருத்தப் பதிவைப் போஸ்ட் செய்வது. ஐந்தே வேலைகள். இந்த ஐந்துக்கும் உதவாத எதையும் எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். ரிப்போர்ட்டுகளைச் சுற்றிக் காட்டும் பகுதி மட்டும் பல நிமிடம் ஓடியது. அந்த மெனுவைத் திறக்க அவளுக்கு அனுமதியே கிடையாது. அதை முழுசாக விட்டேன்.

கேட்கும் முறை

வீடியோவை VLC-யில் திறந்து 1.5 மடங்கு வேகத்தில் ஓட விட்டேன். `]` அழுத்தினால் வேகம் கூடும், `[` அழுத்தினால் குறையும். இந்தச் சுற்றில் நிறுத்தவே இல்லை. காகிதத்தில் நேரமும் ஒரே ஒரு சொல்லும், அவ்வளவுதான். "பெட்டி", "பூஜ்யம்", "பிறகு வந்த சரக்கு" என்று. ஏறக்குறைய 43 நிமிடத்தில் முடிந்தது. நிறுத்தி நிறுத்தி எழுதினால் ஒவ்வொரு வாக்கியமும் முக்கியமாகத் தெரிகிறது. ஓட விட்டுக் கேட்டால், எது உண்மையிலேயே ஒரு செயலை மாற்றுகிறதோ அது மட்டும்தான் காகிதத்தில் இறங்குகிறது.

அப்புறம் குறித்த இடங்களுக்கு மட்டும் `Ctrl+T` அழுத்தி நேரத்தைத் தட்டிப் போய், இயல்பான வேகத்தில் கேட்டேன். வேலை அதிகம் இருந்தது இந்தச் சுற்றில்தான். காகிதத்தில் எழுதிய நேரம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் இருக்கும். சொன்னது காதில் விழுந்து, புரிந்து, கண் கடிகாரத்துக்குப் போவதற்குள் நான்கு விநாடி ஆகிவிடும். 1.5 மடங்கு வேகத்தில் அந்த நான்கு விநாடி வீடியோவில் ஆறு விநாடி.

ஆனால் எல்லா நேரத்திலும் பத்து விநாடி கழித்தால் போதுமா என்றால், போதாது. ஃப்ரீஸ் செய்யும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் குறித்தது 00:12:34. அந்த நொடியில் பயிற்சியாளர் பட்டனை அழுத்திவிட்டார், திரையில் "ஃப்ரீஸ் ஆகிவிட்டது" என்ற அறிவிப்பு நிற்கிறது. எந்த மெனுவுக்குள் போனார், எந்தக் கிடங்கைத் தேர்ந்தெடுத்தார் என்பது எதுவும் தெரியவில்லை. `Alt+←` அழுத்தினால் பத்து விநாடி பின்னால் போகும். மூன்று முறை அழுத்தி, இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தபோதுதான், "ஃப்ரீஸுக்கு முன்னாடி ஒண்ணு கவனிக்கணும், நிலுவையில இருக்கிற ரசீதெல்லாம் முடிச்சிடுங்க" என்று அவர் தொடங்குவது கேட்டது. அது 00:12:02. குறி அங்கேதான் இருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் ஃப்ரீஸ் செய்தால், கைக்கு வந்த சரக்கு கணினியில் ஏறாமல் கிடக்கும், அதெல்லாம் வேரியன்ஸாக வந்து நிற்கும்.

ஆகவே ஒவ்வொரு குறிக்கும் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்தேன். அங்கிருந்து கேட்டால் வாக்கியம் முழுசாகத் தொடங்குகிறதா? திரையில், கிளிக் செய்வதற்கு முந்தைய நிலை தெரிகிறதா? இரண்டும் சரியென்றால்தான் அந்த நேரம் பட்டியலில் ஏறியது.

எங்கே நிறுத்தலாம் என்பதையும் குறித்தேன். முதல் பட்டியலில் தொடக்க நேரம் மட்டும்தான் இருந்தது. அதனால்தான் அவள் 'கவுண்ட் ஷீட்' வரியைத் திறந்து நாலைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். "1 நிமிடம் 40 விநாடி" என்று பக்கத்தில் இருந்திருந்தால், அதற்குள் பதில் வராவிட்டால் இடம் இதுவல்ல என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

குறிப்பை எப்படி எழுதினேன்

வரி தலைப்பாக இருக்கக் கூடாது, பதிலாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். முதலில் "00:31:40 அலகுகள்" என்று எழுதியிருந்ததை இப்படி மாற்றினேன்:

"பெட்டியாக வரும் பொருளைப் பதியும்போது உதிரியாகக் கணக்கிட்டுப் பதியவும். 12 கொண்ட பெட்டி 3, உதிரி 4 என்றால் 40. பெட்டி என்ற அலகில் பதிந்தால் உதிரி விட்டுப்போகும்."

இதைப் படித்தாலே போதும், வீடியோவைத் திறக்கத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் திறக்கலாம். வேறு சில இடங்களில் எழுத்து போதாது. எண்ணிக்கைக் கோப்பை உள்ளே ஏற்றும்போது எந்த நெடுவரிசை எதற்குப் பொருந்தும் என்பதை வாயால் சொன்னால் குழப்பம்தான், கண்ணால் பார்க்க வேண்டும். அத்தகைய வரிகளின் தொடக்கத்தில் "பார்க்கவும்" என்று போட்டேன். பதினொன்றில் நான்குதான் அப்படி. மற்ற ஏழும் படித்தாலே புரிபவை.

வரிசையை வீடியோவின் நேரப்படி வைக்கவில்லை. வேலை நடக்கும் வரிசைப்படி வைத்தேன். ஃப்ரீஸுக்குப் பிறகு சரக்கு வந்தால் என்ன செய்வது என்பது வீடியோவில் 00:49:05-ல், கேள்வி பதில் நேரத்தில் வருகிறது. ஆனால் அந்தச் சிக்கல் அவளுக்கு எழப்போவது ஃப்ரீஸ் செய்த மறுநிமிடமே. அதனால் அது பட்டியலில் இரண்டாவது வரி. "நேரம் முன்னும் பின்னுமா இருக்கே அக்கா, தப்பா அடிச்சிட்டீங்களா?" என்று அவள் கேட்டாள். "வரிசை வேலையின்படி, நேரத்தின்படி அல்ல" என்று மேலே ஒரு வரி சேர்த்த பிறகு அந்தச் சந்தேகம் போனது.

பூஜ்யமும் வெறுமையும்

இப்போது அந்தத் தவறான பதில். வீடியோவில் 00:24:10-ல் பயிற்சியாளர் சொல்கிறார்: "பொருள் இல்லைன்னா அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுடுங்க." தெளிவாக, தயங்காமல் சொல்கிறார். முதல் பட்டியலில் நானும் அதை அப்படியே எடுத்திருந்தேன். கேள்வி பதில் பகுதியை நான் வேகமாகத் தாண்டியிருந்தேன், அதுதான் பிழை. 00:52:30-ல் ஒருவர் கேட்கிறார்: "வெறுமையா விட்டா அது எண்ணலைன்னு எடுத்துக்குமா, இல்ல பூஜ்யம்னு எடுத்துக்குமா?" பயிற்சியாளர் உடனே அங்கேயே சோதித்துக் காட்டுகிறார். வெறுமையாக விட்ட பொருள் "எண்ணப்படவில்லை" என்ற பட்டியலுக்குப் போகிறது, கையிருப்பு பழைய எண்ணிக்கையிலேயே நிற்கிறது. 0 என்று பதிந்தால்தான் பூஜ்யம். "நான் முன்னாடி சொன்னது தப்பு, 0 போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

முழுசாகப் பார்ப்பவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, திருத்தத்தையும் கேட்டுவிடுவார்கள். நேரக்குறியை நம்பி 00:24:10-க்குத் தாவுபவர்தான் மாட்டிக்கொள்வார். தாவுவதற்கு வழி செய்து கொடுத்தது நான். ஆகவே அந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பும் என்னுடையதுதான். இரண்டாம் பட்டியலில் 00:24:10-க்குக் குறியே கிடையாது. "பொருள் இல்லையென்றால் 0 பதியவும், வெறுமையாக விடக் கூடாது" என்ற வரி 00:52:30-க்குத்தான் போகும். கீழே ஒரு சின்ன வரியும் சேர்த்தேன்: "00:24:10-ல் வேறு மாதிரி சொல்லியிருப்பார், பின்னால் அவரே திருத்தினார்." இந்த வரி இல்லாமல் விட்டால், யாராவது தற்செயலாக அந்த இடத்தைக் கேட்டுவிட்டு என் பட்டியல்தான் தவறு என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதற்குப் பிறகு என் முறையில் ஒன்றை மாற்றினேன். கேள்வி பதில் பகுதியை முதலில் கேட்பது. அங்கே எழும் ஒவ்வொரு கேள்வியையும் எழுதிக்கொண்டு, அது முன்னால் எந்த இடத்தோடு மோதுகிறது என்று தேடுவது. இந்த வீடியோவில் மொத்தம் ஒன்பது கேள்விகள். மோதியது இது ஒன்றுதான். வேறு இரண்டு கேள்விகள், முதலில் சொன்னதைவிடத் தெளிவான விளக்கத்தைக் கொண்டு வந்தன. அந்த இரண்டிலும் குறியைக் கேள்வி இருக்கும் இடத்துக்கே மாற்றினேன்.

நேரங்களை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றியது

எங்கள் வீடியோ அலுவலகச் சர்வரில் ஒரு mp4 கோப்பாக இருக்கிறது. உலாவியில் திறக்கும்போது முகவரியின் கடைசியில் `#t=` போட்டு விநாடியைச் சேர்த்தால் அங்கிருந்து ஓடும். கமா போட்டு இன்னொரு எண்ணையும் சேர்த்தால் அங்கே வந்ததும் நின்றுவிடும். தொடக்கத்தையும் நிறுத்தத்தையும் குறித்து வைத்திருந்தது இங்கே பயன்பட்டது. ஆனால் கோப்பு உலாவியில் திறக்காமல் தரவிறக்கமாகும் இடத்தில் இருந்தால் இது வேலை செய்யாது. அப்போது VLC-யில் `Ctrl+T`தான் வழி.

நேரத்தை விநாடியாக மாற்ற ஸ்ப்ரெட்ஷீட்டைப் பயன்படுத்தினேன். அதில் ஒரு தடுமாற்றம். 12:02 என்று தட்டினால் அது 12 நிமிடம் 2 விநாடி என்று எடுத்துக்கொள்வதில்லை, 12 மணி 2 நிமிடம் என்று எடுத்துக்கொள்கிறது. கட்டத்தில் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். லிங்க்கைத் திறந்தால் வீடியோவின் முடிவில் போய் நிற்கும், ஏனென்றால் கேட்ட விநாடி 43,320. அதனால் எப்போதும் 0:12:02 என்று மூன்று பகுதியாகத் தட்டினேன். பட்டியலிலும் அதே வடிவத்தைத்தான் வைத்தேன். 1:02 என்று மட்டும் எழுதினால் அது ஒரு நிமிடமா ஒரு மணியா என்று படிப்பவருக்கும் தெரியாது.

குறிகள் நகர்ந்துபோனது

பட்டியலைக் கொடுத்த இரண்டாம் நாள் அவள் வந்தாள். "அக்கா, எதைத் திறந்தாலும் வேற எங்கயோ போகுது." திறந்து பார்த்தேன். உண்மைதான். சர்வரில் இருந்த வீடியோவை யாரோ வெட்டிச் சுருக்கி, அதே பெயரில் மறுபடி ஏற்றியிருந்தார்கள். நீளம் இப்போது 00:55:38.

எல்லாவற்றையும் மறுபடி கேட்க மனமில்லை. மூன்று இடங்களை மட்டும் புதிய வீடியோவில் தேடிப் பிடித்தேன். ஃப்ரீஸ், 00:12:02-ல் இருந்தது 00:08:50-க்கு வந்திருந்தது. வித்தியாசம் 3:12. பூஜ்யம் பற்றிய தவறான வாக்கியம் 00:24:10-லிருந்து 00:20:58-க்கு. அதுவும் 3:12. மறு எண்ணிக்கை 00:44:15-லிருந்து 00:35:23-க்கு. இங்கே வித்தியாசம் 8:52.

முதல் இரண்டும் ஒரே அளவு நகர்ந்திருக்கின்றன. அப்படியென்றால் தொடக்கத்தில் மட்டும் வெட்டு. எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்த 3 நிமிடம் 12 விநாடி போயிருக்கிறது. மூன்றாவதில் திடீரென்று 5:40 கூடியிருப்பதால், 24-க்கும் 44-க்கும் நடுவே இன்னொரு வெட்டு. பழைய பட்டியலில் இடைவேளை என்று ஒரு வரி இருந்தது நினைவுக்கு வந்தது. என்னிடம் இருந்த பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். 00:35:20-ல் "இடைவேளை விடலாம்" என்கிறார், 00:41:00-ல் மறுபடி தொடங்குகிறார். சரியாக 5:40. மொத்தமாகக் கழித்துப் பார்த்தால் 01:04:30-லிருந்து 8:52 போக 00:55:38. கணக்கு ஒத்துப்போனது. இந்த வித்தியாசம் வெட்டு வெட்டாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போயிருந்தால், வீடியோவின் வேகத்தையே மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது கழிக்கக் கூடாது, விகிதத்தால் பெருக்க வேண்டும்.

பழைய தொடக்க நேரம் A நெடுவரிசை, பழைய நிறுத்தம் B. திருத்திய நேரங்களை C, D நெடுவரிசைகளில் எடுத்தேன். C-க்கு இந்தச் சூத்திரம்:

```
=IF(A2<TIME(0,35,20), A2-TIME(0,3,12), A2-TIME(0,8,52))
```

D-யிலும் இதேதான், A2 இருக்கும் இடத்தில் B2. வீடியோவின் முகவரி H1 கட்டத்தில், குறிப்பு E நெடுவரிசையில். லிங்க்குக்கு:

```
=HYPERLINK($H$1&"#t="&ROUND(C2*86400,0)&","&ROUND(D2*86400,0), E2)
```

86400 என்பது ஒரு நாளின் விநாடிகள். ஸ்ப்ரெட்ஷீட் நேரத்தை நாளின் பின்னமாக வைத்துக்கொள்வதால் அதால் பெருக்க வேண்டும். ஃப்ரீஸ் வரிக்கு 530,630 என்று வந்தது. திறந்தால் "ஒண்ணு கவனிக்கணும்" என்று தொடங்கி, ஃப்ரீஸ் பற்றிய விளக்கம் முடிந்ததும் நிற்கிறது. பூஜ்யம் 00:43:38-க்கு, பிறகு வந்த சரக்கு 00:40:13-க்கு நகர்ந்தன. குறிப்புகளுக்குள் எழுத்தாக எழுதியிருந்த "00:24:10-ல் வேறு மாதிரி சொல்லியிருப்பார்" என்ற நேரம் மட்டும் சூத்திரத்துக்குள் வராது. அதைக் கையால் 00:20:58 என்று திருத்தினேன். இது கண்ணில் படாமல் போக நிறைய வாய்ப்பு இருந்தது.

பட்டியலின் மேலே இப்போது இரண்டு வரிகள் இருக்கின்றன. வரிசை வேலையின்படி என்பது ஒன்று. "இந்த நேரங்கள் 00:55:38 நீளமுள்ள வீடியோவுக்கு" என்பது இன்னொன்று. அடுத்த முறை யாராவது வெட்டினால், நீளத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் வாய் திறக்காமல் மூன்று கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். இல்லாத பொருளுக்கு என்ன பதிவது, ஃப்ரீஸுக்குப் பிறகு வந்த சரக்கை எண்ணலாமா, மறு எண்ணிக்கைக்கு எதை அனுப்புவது. முதல் இரண்டுக்கும் வீடியோவைத் திறக்காமலே பதில் சொன்னாள். மூன்றாவதுக்கு லிங்க்கைத் திறந்து, அது நிற்கும்வரை பார்த்துவிட்டு, "எத்தனை சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தா அனுப்பணும்னு சொல்லலையே" என்றாள். மறுபடி கேட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே வீடியோவில் அந்த எண் எங்கேயும் இல்லை. அந்த வரிக்குக் கீழே "வரம்பு வீடியோவில் இல்லை, மேலாளரிடம் கேட்கவும்" என்று எழுதினேன்.